சீமெந்துக் கல் தொழில்: மெசினுக்குக் காசு அனுப்ப முன்னம் திருகோணமலையில் முடிக்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிற எங்கட பொடியன்கள் என்னைக் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, எந்த மெசின் நல்லது?" என்பதுதான். கட்டாரில் பிரீகாஸ்ட் யார்டில் வேலை செய்துவிட்டு வந்து கன்னியாப் பக்கம் புளொக் கல் அரிகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "காணி என்ன காணி? வேலி எவ்வளவு தூரம்? கரண்ட் எத்தனை அம்பியர்?" இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்த மெசின் என்பது பாதி முடிந்த மாதிரி. தெரியாமல் மெசினை இறக்கியவர்களின் இரும்பு இந்த மாவட்டத்தில் பல வளவுகளில் தகரத்தின் கீழே கிடக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரதேச சபைக்குப் போனால் "மெசின் என்ன குதிரைவலு, ஒரு நாளைக்கு எவ்வளவு உற்பத்தி?" என்று கேட்பார்கள். சுற்றாடல் அதிகாரசபையிலும் அதே கேள்வி, மின்சார சபையிலும் அதே கேள்வி. அதனால் மெசினை வாங்கினால்தான் பதில் சொல்லலாம் என்று நினைத்து ஆட்கள் முற்பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். தேவையே இல்லை. மெசின் விற்கிறவர் தரும் புரோபோர்மா இன்வொய்சும், மோட்டார்களின் விபரம் உள்ள டேட்டா சீட்டும் போதும். அந்த இரண்டு கடதாசிக்கும் ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். அவற்றை வைத்து எல்லா அலுவலகத்துக்கும் பதில் சொல்லி, அனுமதி வரும் என்று தெரிந்த பிறகு காசு அனுப்புவதுதான் என்னுடைய ஒழுங்கு.

முதலில் காணி. எங்கள் மாவட்டத்தில் இது மற்ற இடங்களை விடச் சிக்கல். வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டார் "காணி இருக்குத்தானே" என்று சொல்வார்கள். அது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணி என்றால் அது குடியிருக்கவோ பயிர் செய்யவோ கொடுத்தது. அங்கே தொழிற்சாலை போடப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். வங்கியும் அதைப் பிணையாக எடுக்கத் தயங்கும். தம்பலகாமம் பக்கம் என்றால் வேறு கதை. வயல் காணியைக் கிறவல் போட்டு நிரப்பித் தளம் போடுவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் முடியாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது. உப்புவெளி, நிலாவெளி என்று கடற்கரைக்குக் கிட்டப் போனால் கடலில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் வந்துவிடும். இந்த மூன்றிலும் அகப்படாத உறுதிக் காணி ஒன்று கொஞ்சம் உள்ளே, விலை குறைவாகக் கிடைத்தாலும் அதுதான் இந்தத் தொழிலுக்கு நல்லது. டிப்பர் திரும்பக்கூடிய பாதை மட்டும் இருக்க வேண்டும்.

காணி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மெசின் அல்ல, பலகை தீர்மானிக்கிறது. இதைத்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மெசின் ஒருமுறை அச்சை அழுத்திக் கல்லை இறக்குவதைத்தான் ஓர் அடி என்கிறோம்; ஓர் இடத்தில் நிலையாக நின்று கல் அரியும் மெசினில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பலகை போகும். பச்சைக் கல் அந்தப் பலகையிலேயே ஒரு நாள் இருக்க வேண்டும்; அடுத்த நாள்தான் எடுத்து அடுக்கித் தண்ணீர் விடலாம். ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை அடி அடிக்கிறீர்களோ அத்தனை பலகை வேண்டும். ஓர் அடிக்கு 4 கல் விழும் மெசின், 20 செக்கனுக்கு ஓர் அடி என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். அதை நம்பினால் மணித்தியாலத்துக்கு 720 கல், 8 மணித்தியாலத்துக்கு 5,760 கல். நிஜத்தில் மிக்சர் கலந்து முடியவும், பலகை தூக்கவும், மணல் ஈரம் சரி பார்க்கவும் நேரம் போகும். பாதி கிடைத்தால் நல்ல குழு. 2,880 கல் என்று வைத்தால் 720 அடி, 720 பலகை.

ஒரு பலகை 55 சென்ரிமீற்றருக்கு 50 என்றால் 720 பலகைக்கு ஏறத்தாழ 200 சதுர மீற்றர் தளம் வேண்டும். ஆள் நடக்கவும் தள்ளுவண்டி போகவும் இடைவெளி விட்டால் அது 300க்கு ஏறும். இதற்கு மேல் மணல், கல்தூள், சிப்ஸ் குவிக்க இடம், பழுத்த கல் அடுக்க இடம், மெசின் கொட்டகை, லொறி ஏற்ற இடம். 20 பேர்ச் என்பது 500 சதுர மீற்றரை ஒட்டியது; அதற்குள் இது அடங்காது. 40 பேர்ச் இருந்தால் மூச்சு விடலாம். பலகையின் விலையும் இப்படித்தான். மெசின் விலையில் சேர்த்துக் கேட்காவிட்டால் பிறகு தனியாக வந்து நிற்கும். பி.வி.சி. பலகையை இறக்குமதி செய்தால் கொண்டெய்னரில் பாதி இடத்தை அதுவே பிடிக்கும். நான் உள்ளூர் மரப்பலகையைச் சட்டம் அடித்து எடுத்தேன். கொஞ்சக் காலத்தில் வளையும், ஆனால் ஒன்றிரண்டாக மாற்றலாம்.

இனி சத்தம். கல் மெசினுக்கு அனுமதி கிடைக்காமல் போவது பெரும்பாலும் தூசியால் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டார் முறைப்பாடு போடுவது சத்தத்துக்குத்தான். 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதியில் பிரதேச சபைப் பகுதி என்பது குறைந்த சத்தப் பகுதி. உங்கள் வேலி எல்லையில் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை 55 டெசிபல், அதற்குப் பிறகு 45 டெசிபல். நகர சபை, மாநகர சபைப் பகுதியில் பகலில் 63, இரவில் 50. கைத்தொழில் பேட்டைக்குள் என்றால் 70, 60. ஒரே மெசின், எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு அளவு.

அதிர்வு மெசின் ஒன்று பக்கத்தில் நின்று அளந்தால் 90 டெசிபலைத் தொடும். வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. ஒரு மீற்றரில் 90 என்றால் 20 மீற்றரில் 64. பகல் அளவான 55க்கு இறங்க இன்னும் 9 மிச்சம். அதைத் தூரத்தால் குறைக்க வேண்டுமென்றால் 50 மீற்றருக்கு மேல் போக வேண்டும். 40 பேர்ச்சில் அது நடக்காது. ஆகவே மெசினை வளவின் நடுவில் வைத்து, வீடுகள் இருக்கிற பக்கங்களைக் கூரை மட்டம் வரை உங்கள் கல்லாலேயே கட்டி அடைத்து, வெறுங்காணி இருக்கிற பக்கத்தை மட்டும் திறந்துவிடுங்கள். மெசின் நிற்கும் கொங்கிறீட் அடித்தளத்தைக் கொட்டகைத் தளத்தோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுப் போட்டால் அதிர்வு நிலத்தால் போவது குறையும். வரைபடம் கீறும்போதே இதைக் கீறிக் கொடுத்தால் பரிசோதிக்க வருகிற அதிகாரிக்கும் கேட்பதற்கு அதிகம் இருக்காது. மாலை 6 மணிக்குப் பிறகு ஓடுவேன் என்று மட்டும் விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். 45 டெசிபலுக்குள் கல் மெசின் ஓடாது.

அனுமதிகள் எந்த ஒழுங்கில் போகின்றன என்று சொல்கிறேன். தனிநபர் வியாபாரம் என்றால் பெயர்ப் பதிவு கிராம உத்தியோகத்தரின் அறிக்கையோடு பிரதேச செயலகத்தில். கம்பனியாகப் போடுவதென்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் இணையம் வழியாகச் செய்யலாம். சிறிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் ஆண்டில் அது தேவைப்படாது, கணக்காய்வுச் செலவுதான் கூடும். அதோடு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி அடையாள இலக்கம் எடுங்கள். அது இல்லாமல் சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிய முடியாது.

அடுத்தது இடத்துக்கான அனுமதி. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கு உறுதிப் பிரதி, நில அளவை வரைபடம், போகும் பாதை வரைபடம், மெசின் டேட்டா சீட் என்று கொண்டு போனால் இந்த இடத்தில் இந்தத் தொழில் செய்யலாமா என்று பார்த்துச் சொல்வார்கள். அது கையில் கிடைத்த பிறகு பிரதேச சபையில் கட்டட வரைபட அனுமதி. உங்கள் காணி நகர அபிவிருத்தி அதிகாரசபை பிரகடனம் செய்த பகுதிக்குள் வந்தால் அவர்களின் நிபந்தனையும் அதற்குள் சேரும். வருகிறதா இல்லையா என்பதைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமே முதலில் கேளுங்கள். கட்டி முடித்து மெசின் பூட்டிய பிறகு, உற்பத்தி தொடங்க முன்னம், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். ஈ.பி.எல். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தொழிலின் வகையையும் அளவையும் பார்த்து ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். சி பிரிவுச் சிறு தொழில்களுக்குப் பிரதேச சபையே கொடுக்கும், மேலே போனால் அதிகாரசபை. கடைசியில் சபையின் வியாபார உரிமம், அது ஆண்டுதோறும்.

இங்கே ஆட்கள் தடுக்கி விழுவது ஒரு சின்ன விடயத்தில். மிக்சர் கழுவுகிற தண்ணீர். சீமெந்து கலந்த தண்ணீர் கடும் காரம், அதை வாய்க்காலில் விட்டால் ஈ.பி.எல். வராது. மூன்று அறை உள்ள தொட்டி கட்டி, ஒன்றில் வண்டல் படிய, அடுத்ததில் தெளிய, மூன்றாவதில் இருந்து எடுத்துத் திரும்ப மிக்சருக்கே ஊற்றினால் வெளியே போக ஒன்றும் இல்லை. பெரிய செலவும் இல்லை. வண்டலை அள்ளிக் காயவைத்துப் பாதை நிரப்பலாம்.

மணலுக்கும் ஒரு கடதாசி. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதி இல்லாமல் வருகிற மணலை வளவில் கொட்டவிடாதீர்கள். ஒவ்வொரு டிப்பருக்கும் அந்தத் துண்டின் பிரதியை எடுத்துக் கோர்த்து வையுங்கள். சோதனைக்கு வந்தால் சாரதி இருக்கமாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள். சீமெந்தில் மட்டும் எங்களுக்கு ஒரு வசதி. சீமெந்து ஆலை திருகோணமலைத் துறைமுகக் கரையிலேயே இருப்பதால் லொறிக் கூலி குறைவு.

கரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்த மெசினில் ஹைட்ரோலிக் பம்புக்கு 7.5 குதிரைவலு, அதிர்வு மோட்டார் இரண்டு 3 வீதம் 6, மிக்சர் 10, கலவை ஏற்றும் பெல்ட் 2. கூட்டினால் 25.5 குதிரைவலு, அதாவது 19 கிலோவாட். மோட்டாரின் திறன் இழப்பையும் பவர் பக்டரையும் சேர்த்தால் 28 கே.வி.ஏ. அளவில் வரும், 400 வோல்ட்டில் ஒவ்வொரு பேசிலும் 40 அம்பியர். வீட்டுக்கும் சின்ன வேர்க்சொப்புக்கும் எடுக்கிற 30 அம்பியர் த்ரீ பேஸ் இணைப்பு இதற்குக் காணாது. 60 அம்பியர் வேண்டும். 60 அம்பியர் என்பது 42 கே.வி.ஏ.க்குள் அடங்குவதால் சிறு கைத்தொழில் கட்டண வகையில்தான் இருப்பீர்கள். 42ஐத் தாண்டினால் உச்சக் கேள்விக் கட்டணம் என்று மாதாமாதம் தனியாக ஒன்று வரும். "கொஞ்சம் பெரிய மெசினாக எடுப்போம்" என்று யோசிக்கிறவர்கள் இந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு யோசிக்க வேண்டும்.

மிக்சருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கேளுங்கள். 10 குதிரைவலு மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் பண்ணினால் ஓடும்போது எடுப்பதைப் போல ஆறு மடங்கு கரண்ட் ஒரு கணம் இழுக்கும். கிராமத்து லைனின் கடைசியில் இருக்கிற வளவென்றால் பக்கத்து வீட்டு லைட் மங்கும். டிரான்ஸ்போர்மர் எவ்வளவு தூரம், புதிய கம்பம் போட வேண்டுமா என்பதற்கு மின்சார சபையிடம் மதிப்பீடு எடுங்கள். சில வளவுகளுக்கு அந்த மதிப்பீடு காணியின் விலையையே யோசிக்க வைக்கும். அதுவும் மெசினுக்குக் காசு அனுப்ப முன்னம் கையில் இருக்க வேண்டிய கடதாசி.

இப்போது மெசின் எங்கிருந்து. வெளிநாட்டில் இருக்கிற பலருக்கு அங்கேயே பழைய மெசினை மலிவாக வாங்கி அனுப்பலாம் என்ற எண்ணம் வரும். கட்டார், குவைத், ஓமான், டுபாய் எல்லாம் எங்களைப் போல 50 ஹேர்ட்ஸ் கரண்ட். சவூதி 60 ஹேர்ட்ஸ். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நண்பர் தம்மாமில் மூடிய ஒரு யார்டில் இருந்து மெசின் எடுத்து வந்தார். பார்க்க நல்ல மெசின். இங்கே பூட்டினால் மோட்டார் கையை வைக்க முடியாத சூடு, கல் எடுத்தால் ஓரம் உதிர்கிறது. கலவையை மாற்றிப் பார்த்தார், சீமெந்தைக் கூட்டிப் பார்த்தார்.

காரணம் கலவையில் இல்லை. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். அதிர்வு மோட்டாரின் அடி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் போவதால் 100 இருந்த விசை 69 ஆகிவிடும். கல் இறுகாது. அதே நேரம் 380 வோல்ட் 60 ஹேர்ட்ஸுக்கு என்று சுற்றிய மோட்டாருக்கு 400 வோல்ட் 50 ஹேர்ட்ஸ் கொடுத்தால் இரும்புக்குள் காந்தம் நிறைந்து சும்மா நின்றாலே சூடேறும். அவர் கடைசியில் மோட்டார்கள் எல்லாவற்றையும் மாற்றினார். ஆகவே பழைய மெசினின் படத்தை யாராவது அனுப்பினால் முதலில் மோட்டாரில் உள்ள பெயர்த்தகட்டின் படத்தைக் கேளுங்கள். வோல்ட், ஹேர்ட்ஸ், நிமிடத்துக்குச் சுற்று மூன்றும் அதில் இருக்கும். 1,450 சுற்று என்றால் 50 ஹேர்ட்ஸ், 1,750 என்றால் 60.

பழைய மெசினுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. சுங்கம் பொருட்களை வகைப்படுத்துகிற எச்.எஸ். குறியீட்டில் அந்த மெசின் எதில் வருகிறதோ அதில் பாவித்த பொருளுக்கு இறக்குமதி உரிமம் தேவையா என்று இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். உரிமம் தேவையென்றால் அது கப்பலில் ஏற்ற முன்னம் எடுக்க வேண்டியது. பொருள் கொழும்பில் இறங்கிய பிறகு ஓடித் திரிந்து பயனில்லை. வீட்டுச் சாமான் பெட்டியோடு பயணிப் பொதியாக மெசினையும் போட்டுவிடலாம் என்று சொல்கிற கார்கோக்காரரை நம்பவும் வேண்டாம். தொழில் மெசின் பயணிப் பொதி ஆகாது.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் போனேன். பாஷை ஒன்று, கரண்ட் 50 ஹேர்ட்ஸ், பட்டறையில் நின்று மெசினை ஓட்டிப் பார்க்கலாம், தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல் தூரம் குறைவு. ஓட்டிப் பார்க்கும்போது கையில் ஒரு தராசும் வேர்னியரும் இருக்கட்டும். தொடர்ந்து விழுகிற பத்துக் கல்லை எடுத்து நிறையும் உயரமும் அளந்து எழுதுங்கள். ஒரே பலகையில் விழுந்த கற்களில் ஒரு பக்கத்துக் கல் எப்போதும் உயரம் கூடவோ நிறை குறையவோ இருந்தால் அச்சுக்குள் கலவை சமமாக விழவில்லை, அல்லது அதிர்வு ஒரு பக்கம் குறைவு. அதைச் சரி பண்ணாமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டியவை வேறும் உண்டு. "அண்ணே, உங்க பேர்லயே எக்ஸ்போர்ட் கோட் இருக்கா?" என்று கேட்டேன். பல சிறு பட்டறைகளுக்கு இல்லை. வேறொரு ஏற்றுமதிக் கம்பனியின் பெயரில் அனுப்புவார்கள். அதில் பிழை இல்லை, ஆனால் இன்வொய்சில் உள்ள பெயரும் காசு போகிற வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்குள்ள வங்கி கேள்வி கேட்கும், சுங்கமும் விலையைச் சந்தேகிக்கும். அடுத்தது விலை. உள்ளூர்க்காரருக்குச் சொல்கிற விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும். ஏற்றுமதிக்கு அது பூச்சியம். அதைக் கழித்த விலையை எழுதி வாங்குங்கள்.

காசு போகிற வழியும் முக்கியம். வெளிநாட்டுச் சம்பளக் கணக்கிலிருந்தே நேராக விற்பவருக்கு அனுப்பிவிட்டு வெறும் இன்வொய்சோடு சுங்கத்துக்கு வந்தால், அந்த விலைதான் உண்மை விலை என்று காட்ட வங்கிப் பதிவு ஒன்றும் இங்கே இருக்காது. வெளிநாட்டில் இருக்கும்போதே இலங்கை வங்கி ஒன்றில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறந்து, சேமிப்பை அதில் போட்டு, புரோபோர்மா இன்வொய்சைக் கொடுத்து அந்த வங்கி வழியாக அனுப்புங்கள். பொருள் ஏற்றிய கடதாசியைக் காட்டிய பிறகு வங்கி காசு கொடுக்கிற நாணயக் கடிதத்துக்குச் சிறு பட்டறைகள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நான் முப்பது சதவீதம் முற்பணம், அறுபது ஓட்டிப் பார்த்து ஏற்ற முன்னம், பத்து இங்கே பூட்டி ஓடிய பிறகு என்று பேசினேன். கடைசிப் பத்துக்கு முனகினார்கள். அந்தப் பத்து இருந்ததால்தான் விட்டுப்போன சென்சரும் ஹைட்ரோலிக் சீல்களும் கேட்டவுடன் வந்தன.

இன்வொய்சும் பொதிப் பட்டியலும் எப்படி எழுதப்படுகின்றன என்பதில்தான் சுங்கத்தில் காசு போகும். கல் அரியும் மெசின் 8474.80, கொங்கிறீட் மிக்சர் 8474.31, கல் அச்சு 8480.60. மூன்றும் மூன்று குறியீடு. மோட்டார் 8501, பெல்ட் 4010 என்று உதிரிகளுக்கும் தனிக் குறியீடு. "புளொக் மெசின் மற்றும் உதிரிப்பாகம், ஒரு தொகுதி" என்று ஒரே தொகையாக எழுதிக் கொண்டு வந்தால், மதிப்பிடுகிற அதிகாரி உதிரியைப் பிரித்து அவருக்குத் தெரிந்த மாதிரி விலை போடுவார். ஒவ்வொன்றுக்கும் பெயர், எண்ணிக்கை, நிறை, விலை தனித்தனியாக இருக்கட்டும். அந்தக் குறியீடுகளை வைத்து அன்றைய சுங்கத் தீர்வை அட்டவணையைப் பார்த்துவிட்டுக் காசைக் கணக்குப் பண்ணுங்கள். இறக்குமதித் தீர்வை இருக்கிற பொருள் என்றால், 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் தீர்வைச் சலுகைக்காக மூலச் சான்றிதழைப் பொருளோடு கேட்டு எடுக்கலாம்.

மெசினுக்குத் தீர்வையே பூச்சியம் என்று சொல்லிக் குஷிப்படுத்துகிறவர்கள் வற் வரியைச் சொல்வதில்லை. ஒரு கணக்கு. பொருள், கப்பல் கூலி, காப்புறுதி சேர்த்துக் கொழும்பில் வந்து நிற்கிற விலை 30 இலட்சம் ரூபா, மற்றத் தீர்வை எதுவும் இல்லை என்று வைப்போம். வற் வரிக்கு அந்த விலையோடு 10 சதவீதம் கூட்டுவார்கள், 33 இலட்சம். அதில் 18 சதவீதம் 5 இலட்சத்து 94 ஆயிரம். துறைமுக விமான நிலைய வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்பவை அந்தக் குறியீட்டுக்கு இருந்தால் இதற்கு மேல் வரும். நீங்கள் வற் பதிவு இல்லாத சிறு வியாபாரி என்றால் இந்தக் காசைத் திரும்பக் கழிக்க முடியாது. அது மெசின் விலையோடு சேர்ந்த செலவு. வெளிநாட்டு நாணயத்தை ரூபாவாக்குவதும் வங்கி விலையில் இல்லை, சுங்கம் வாராவாரம் போடுகிற விலையில்.

பொதி செய்வதில் இரண்டு விடயம். மரப்பெட்டியில் வெப்பமூட்டிய மரம் என்பதற்கான சர்வதேச முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகளிடம் நிற்கும். அடுத்தது உயரம். 20 அடிக் கொண்டெய்னரின் கதவு உயரம் 2.28 மீற்றர்தான். கல் மெசின் நின்ற நிலையில் பல நேரம் அதைவிட உயரம். ஹொப்பரைக் கழற்றி வைக்க முடியுமா, திரும்பப் பூட்ட எந்த போல்ட் எங்கே என்று படம் எடுத்து அடையாளம் போட்டிருக்கிறார்களா என்று அங்கேயே பாருங்கள். பாதிக் கொண்டெய்னர் சாமான் என்று மற்றவர்களின் பொருளோடு சேர்த்து அனுப்பினால் கப்பல் கூலி மலிவாகத் தெரியும். கொழும்பில் களஞ்சியக் கட்டணம், டெலிவரி ஓடர் கட்டணம் என்று அந்த மலிவு கரையும். இரண்டுக்கும் கொழும்புப் பக்கத்துச் செலவை எழுத்தில் எடுத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவு ஆழமான துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு மெசினைக் கொழும்பில் இறக்கி ஹபரணை வழியாக லொறியில் ஏற்றி வருகிறோம் என்று எனக்கு ஆற்றாமைதான். இங்கே வருவது சீமெந்துக் கிளிங்கரும் கோதுமையும், கொண்டெய்னர்கள் கொழும்புக்கு. லொறியைப் பேசும்போது இங்கே இறக்க கிரேன் யார் கொண்டு வருவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். மெசின் வருகிற நாளில் அடித்தளக் கொங்கிறீட் போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். போல்ட் துளைகளின் வரைபடத்தை முற்பணத்தோடு கேட்டால் தருவார்கள்.

பூட்டிய பிறகு முதல் வேலை, மூன்று பேசிலும் கிளம்ப் மீற்றர் போட்டு ஒவ்வொரு மோட்டாரும் எடுக்கிற கரண்டைப் பெயர்த்தகட்டோடு ஒப்பிடுவது. அடுத்தது கல் சோதனை. ஒப்பந்தகாரர்கள் அரச வேலைக்குக் கல் எடுக்கும்போது எஸ்.எல்.எஸ். 855 தரத்தின்படி நெருக்கு வலிமை அறிக்கை கேட்பார்கள். முதல் வாரத்துக் கல்லையே 28 நாள் பழுக்கவிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். அறிக்கை வரும் வரை வேலி கட்டவும் மலசலகூடம் கட்டவும் கேட்கிற ஆட்களுக்கு விற்கலாம், சுமை தாங்கும் சுவருக்குக் கொடுக்க வேண்டாம். முதல் ஆளை வேலைக்கு எடுத்த மாதமே ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடம் 8, உங்களிடம் 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு உங்களிடம் 3 சதவீதம் என்று கட்டத் தொடங்க வேண்டும். ஒரு கல்லின் விலையைப் போடும்போது இந்தப் பதினைந்தையும் கூலிக்குள் சேர்த்தே போடுங்கள்.